நாற்பத்தோராவது கிலோ

காவிரி டெல்டாவில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பருவக் கணக்கு முடிகிறது. பதிவேடுகள் தணிக்கைக்கு வருகின்றன. வாங்கிய மூட்டையும் அனுப்பிய மூட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஒரு கிலோகூடக் குறையவில்லை. எல்லா விவசாயிகளுக்கும் வங்கியில் பணம் போய்விட்டது. ஈரப்பதம் எந்த நாளிலும் 17 சதவீதத்தைத் தாண்டவில்லை. குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

நான் அப்படி எழுத மாட்டேன். ஒரு வட்டத்தில் 30 நிலையங்கள் இருந்தால், இந்தக் குறையே இல்லாத நிலையத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். காரணம் எளிது. 17 சதவீத ஈரத்தோடு வாங்கிய நெல், மாசி, பங்குனி வெயிலில் ஒரு மாதம் அட்டியில் கிடந்தால் காயும். காய்ந்தால் எடை குறையும். குறைந்தே தீர வேண்டிய எடை ஏட்டில் குறையவில்லை என்றால், அந்தக் குறைவை ஏற்கெனவே யாரோ ஈடுகட்டியிருக்கிறார்கள். யார் அது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நெல் கொள்முதல் தணிக்கையின் முதல் வேலை.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் தொடங்கப்பட்டது. 2002 அக்டோபர் முதல் மத்தியத் தொகுப்புக்கான நெல்லை இங்கே மாநில அரசே கழகத்தின் வழியாக வாங்கி, அரைத்து, ரேஷன் கடை வரை கொண்டுசேர்க்கிறது. மத்திய அரசு விதித்த தரக் கட்டுப்பாடுகளுக்குள்தான் வாங்க வேண்டும். கல், மண் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பதர், வைக்கோல் போன்றவையும் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. சேதமடைந்தது, நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி அரித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதம். ஈரப்பதம் 17 சதவீதம். மற்ற எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து வாக்குவாதம் செய்யலாம். ஈரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாத் தகராறும், எல்லாத் தவறும் அங்கே வந்து சேர்கின்றன.

17-இல் நின்றுவிடும் ஈரமானி

நிலையத்தில் பட்டியல் எழுத்தர் மேஜையில் கையடக்கமான ஈரமானி ஒன்று இருக்கும். ஒரு பிடி நெல்லைப் போட்டால் எண் வரும். நெல்லின் மின் குணத்தை அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடும் கருவி அது. ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. வெப்பநிலை மாறினால் எண் மாறும். ரகம் மாறினாலும் மாறும். காலையில் பனியில் நனைந்த குவியலின் மேற்பரப்பு ஒரு எண்ணைக் காட்டும், உள்ளே கைவிட்டு எடுத்த நெல் வேறு எண்ணைக் காட்டும். இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். ஈர நெல்லை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பி எடுத்தால் உமி காய்ந்திருக்கும், அரிசிக்குள் ஈரம் அப்படியே இருக்கும். அப்போது அளந்தால் கருவி குறைவாகக் காட்டும். சாக்கில் கட்டி ஓர் இரவு வைத்தால் உள்ளீரம் வெளியே பரவி, மறுநாள் எண் ஏறிவிடும்.

ஆகவே தணிக்கைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதை. சரிபார்க்கும் வழி ஆய்வகத்தில் இருக்கிறது. நெல்லை அரைத்து எடை போட்டு, சூட்டடுப்பில் 130 பாகை செல்சியஸில் 2 மணி நேரம் வைத்து, மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். அதே நெல்லுக்குக் கருவி என்ன காட்டுகிறது என்று ஒப்பிட்டால் போதும். ஒரு பருவத்தில் ஒருமுறைகூட இது நடக்காத நிலையத்தில், பதிவேட்டிலுள்ள ஈரப்பத எண்கள் ஒருவர் சொன்ன வாய்மொழிக்கு மேல் மதிப்புள்ளவை அல்ல.

அடுத்தது அந்த எண்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது. இதற்குக் கணினி தேவையில்லை, கோடு போட்ட தாள் போதும். ஒரு நிலையத்துக்கு வரும் நெல்லில் 15 இருக்கும், 16.2 இருக்கும், 17.4 இருக்கும், 18.9 இருக்கும். இயற்கையாக வரும் அளவுகள் நடுவில் கூடி இருபுறமும் சரியும். ஆனால் பதிவேட்டைப் பார்த்தால் பெரும்பாலும் 16.5-க்கும் 17-க்கும் இடையே எண்கள் குவிந்து, 17-இல் சுவர் எழுப்பியதுபோல் நின்றுவிடும். 17.1 என்று ஒரு பதிவுகூட இராது. 17-க்கு மேல் வந்ததைத் திருப்பி அனுப்பினோம் என்று பதில் வரும். அப்படியானால் திருப்பி அனுப்பியதற்கு ஏடு எங்கே? யாருடைய நெல், என்ன எண் காட்டியது, எத்தனை நாள் கழித்து மறுபடி வந்தது? அந்த ஏடு இல்லாத இடத்தில் 17 என்ற எண் அளந்து எழுதியதா, எழுதிவிட்டு அளந்ததா என்று சொல்ல வழியில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்த வட்டாரத்தின் மழை அளவை நாள்வாரியாக எடுத்து, கொள்முதல் ஏட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்து, நான்காம் நாள் ஆயிரம் மூட்டை 16.8 ஈரத்தில் வாங்கியதாக இருந்தால், அந்த நாளை முழுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2025 அக்டோபரில் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது பெய்த மழை பலருக்கும் நினைவிருக்கும். நிலையங்களில் மூட்டைகள் தேங்கின, சாலையோரக் குவியல்களில் நெல் முளைத்தது. ஈரப்பத வரம்பை 22 ஆக உயர்த்தக் கேட்டது மாநில அரசு. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துச் சென்றன. வரம்பைத் தளர்த்துவது விவசாயிக்கு நிச்சயம் உதவி. ஆனால் தளர்வின் விலையை யாராவது கணக்கில் எழுத வேண்டும். 17 சதவீத ஈர நெல் 100 கிலோவில் ஈரம் போக உலர்பொருள் 83 கிலோ. 22 சதவீதம் என்றால் 78 கிலோதான். புழுங்கல் அரிசிக்கு 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி தர வேண்டும் என்பது விதி. அதே விகிதத்தில் பார்த்தால், 22 சதவீத ஈர நெல்லில் 64 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். இந்த 4 கிலோ அரிசியை அரசு ஏற்கிறதா, ஆலை ஏற்கிறதா என்று ஆணையிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அது கீழே கீழே தள்ளப்பட்டு, தராசுக்கு முன்னால் நிற்கிற விவசாயியிடம் வந்து நிற்கும்.

உலர்பொருள் காணாமல் போகாது

சேமிப்பு இழப்பைச் சோதிக்க ஒரே ஒரு பிடிமானம்தான் உண்டு. நெல் காயும், நனையும், எடை ஏறும், இறங்கும். ஆனால் அதற்குள்ளிருக்கும் உலர்பொருள், எலியோ பூச்சியோ மனிதரோ எடுத்தால் ஒழியப் பெரிதாகக் குறையாது. எடையையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தால் உலர்பொருள் தெரிந்துவிடும்.

புரிவதற்காக ஒரு நிலையத்தை நாமே அமைத்துக்கொள்வோம். பருவம் முழுவதும் 50,000 மூட்டை வாங்கியிருக்கிறது. மூட்டைக்கு நிகர எடை 40 கிலோ, ஆக 2,000 டன். ஏட்டில் சராசரி ஈரம் 16.9. இந்த நெல் திறந்தவெளிக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து அரவை ஆலைக்குப் போகிறது. ஆலையின் எடைமேடையில் இறங்கியது 1,956 டன். குறைவு 44 டன், அதாவது 2.2 சதவீதம். காரணம் என்ன என்று கேட்டால் 'உலர்வு இழப்பு' என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நெல் 16.9-இலிருந்து 15-க்குக் காய்ந்திருந்தால் 2,000 டன் என்பது 1,955 டன்னாக ஆகியிருக்கும். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் நெல் 15-க்குக் காய்ந்ததா என்பதை ஆலையின் வரவு ஏட்டில்தான் பார்க்க வேண்டும். அங்கே லாரி வாரியாக எழுதப்பட்ட ஈரத்தின் சராசரி 16.4 என்று வைத்துக்கொள்வோம். 2,000 டன்னில் உலர்பொருள் 1,662 டன். அதே உலர்பொருள் 16.4 சதவீத ஈரத்தில் 1,988 டன் எடை இருக்க வேண்டும். வெயில் எடுத்துக்கொண்டது 12 டன் மட்டும். மீதி 32 டன் வெயிலில் போகவில்லை. அது 800 மூட்டை. சன்ன ரகத்துக்கு 2025-26 பருவத்தில் தரப்பட்ட குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் விலையில் 8 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்.

இந்த 32 டன் திருட்டு என்று உடனே முடிவுகட்டக் கூடாது. வாங்கும்போதே நெல் 18 சதவீத ஈரத்தில் இருந்து, ஏட்டில் 16.9 என்று எழுதியிருந்தால், குறைவின் பெரும்பகுதி அங்கேயே விளங்கிவிடும். அப்போது குற்றம் கிடங்கில் இல்லை, ஈரமானியில் இருக்கிறது. அதனால்தான் ஈரத்தையும் சேமிப்பையும் தனித்தனித் தலைப்பாக்கித் தனித்தனி ஆட்களிடம் தரக்கூடாது என்கிறேன். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

மழையில் நனைந்த அட்டியில் இது தலைகீழாக நடக்கும். அங்கே எடை குறையாது, ஏறும். 17 சதவீத நெல் 19 ஆனால் 100 கிலோ என்பது 102 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது படுதா கிழிந்து ஓர் அட்டி நனைந்த பிறகு, அதிலிருந்து நூற்றுக்கு இரண்டு மூட்டை நெல்லை எடுத்து, மீதியைக் கொண்டு மூட்டைகளை நிரப்பிவிட்டாலும், எடைமேடையில் கணக்கு சரியாகவே இருக்கும். எடையை மட்டும் சரிபார்த்து வந்த தணிக்கையாளர் திருப்தியோடு திரும்பிவிடுவார். ஆறு மாதம் கழித்து ஆலையில் அரிசி குறையும்போது பழி ஆலைக்காரர் மீது விழும். நனைந்த அட்டியில் எடை பொருந்துவது நல்ல செய்தியே அல்ல. கீழ்வரிசை மூட்டைகளில் குத்தூசியைச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். முளை, கறுப்பு, வாடை மூன்றும் இருந்தால் ஈரம் எவ்வளவு என்று அளந்து, அதன் பிறகே எடையை நம்ப வேண்டும். எடுத்த மாதிரியைத் துணிப் பையில் போடுவது வழக்கமாக இருக்கிறது. துணிப் பையில் நெல் காய்ந்துவிடும். காற்று புகாத உறையில் இட்டு, அங்கேயே முத்திரை வைக்க வேண்டும்.

குறைவே இல்லாத நிலையம்

இப்போது தொடக்கத்தில் சொன்ன நிலையத்துக்கு வருவோம். 17 சதவீதத்தில் வாங்கிய நெல் அட்டியில் 15.5-க்குக் காய்ந்தால், 40 கிலோ மூட்டையில் சுமார் 700 கிராம் குறையும். இது யாருடைய தவறும் அல்ல. ஆனால் குறைவு வந்தால், கழகம் அதை நிலையப் பணியாளரின் கணக்கில் எழுதி வசூலிக்கிறது. பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர் ஆகியோரில் பலர் பருவகாலப் பணியாளர்கள். சில மாதச் சம்பளத்துக்கு வேலைக்கு வந்தவர் தலையில் பல டன் நெல்லின் விலை விழுந்தால் அவர் என்ன செய்வார்? லாரி வரத் தாமதமாகி, மூட்டைகள் 30 நாள் வெயிலில் கிடந்தால் அது அவர் கையில் இல்லை. ஆனாலும் பொறுப்பு அவர் மீதுதான்.

அவர் தராசிலேயே காப்பீடு செய்துகொள்கிறார். புதிய சணல் சாக்கு ஒன்றின் எடை 580 கிராம். ஆகவே தராசு 40 கிலோ 580 கிராம் காட்ட வேண்டும். அது 41 கிலோ 580 கிராமில் நிற்கும். மூட்டைக்கு ஒரு கிலோ, சில இடங்களில் அதற்கும் மேல் கூடுதலாக எடுக்கிறார்கள் என்பது டெல்டா விவசாயிகள் ஆண்டுக்கு ஆண்டு சொல்லிவரும் புகார். இதோடு மூட்டைக்கு இவ்வளவு என்று ரொக்கமாகவும் வாங்குகிறார்கள் என்பது அடுத்த புகார்.

நாம் அமைத்த நிலையத்தில் இந்த ஒரு கிலோ பருவம் முழுவதும் சேர்ந்தால் 50 டன். உலர்வில் போகக்கூடியது 700 கிராம் வீதம் 35 டன். மீதி 15 டன் எந்த ஏட்டிலும் இல்லாத நெல். ஏட்டில் இல்லாத நெல்லை மூட்டையாக்கி, யாரோ ஒருவருடைய சிட்டாவைக் காட்டி, அவர் பெயரில் பட்டியல் போட்டால் அது 375 மூட்டை. பயத்தில் தொடங்கிய பழக்கம் வருமானமாக மாறும் இடம் இதுதான். பயத்தில் எடுத்ததையும் பேராசையில் எடுத்ததையும் தராசு பிரித்துக் காட்டாது.

இதைப் பருவம் முடிந்த பிறகு காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. நெல் ஆலைக்குப் போய் அரிசியாகி, அந்த அரிசியைச் சமைத்தும் முடித்திருப்பார்கள். கொள்முதல் நடந்துகொண்டிருக்கும் நாளில், சொல்லாமல் போய், எடை போட்டுத் தைத்து வைத்திருக்கும் மூட்டைகளில் வெவ்வேறு இடங்களிலிருந்து இருபதை எடுத்து, சோதனை செய்யப்பட்ட வேறொரு தராசில் போட வேண்டும். சராசரி 41.5 வந்தால் அதற்குமேல் விசாரணைக்கு வேலை குறைவு. அன்றைக்கே வாங்கிய மூட்டையைத்தான் எடுக்க வேண்டும். பத்து நாள் பழைய மூட்டை காய்ந்து, 'சரியான' எடைக்கு வந்திருக்கும்.

பணம் போய்ச் சேர்ந்த நாள்

விவசாயிக்கான பணம் இப்போது வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. தணிக்கையாளர் பட்டியல் போட்ட தேதியையும் பணம் ஏறிய தேதியையும் கழித்து, இத்தனை நாளில் பட்டுவாடா என்று எழுதுகிறார். ஆனால் விவசாயியின் காத்திருப்பு பட்டியல் போட்ட நாளில் தொடங்குவதில்லை. நெல்லைக் கொண்டுவந்து குவித்த நாளில் தொடங்குகிறது. சாக்கு இல்லை, லாரி வரவில்லை, முன்னால் இருக்கும் குவியல் முடியவில்லை என்று ஒரு வாரம், பத்து நாள் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பவருக்கு, பட்டியல் போட்ட இரண்டாம் நாள் பணம் வந்துவிட்டது என்ற கணக்கு எதையும் சொல்லவில்லை. வந்த நாளை நிலையம் எங்கும் எழுதுவதில்லை என்றால், அதையே முதல் குறையாக எழுத வேண்டும். முன்பதிவு டோக்கன் இருந்தால் அந்தத் தேதியையும், அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்த தேதியையும் சில விவசாயிகளிடம் கேட்டாலே உண்மையான இடைவெளி தெரியும்.

பணம் உரியவருக்குத்தான் போனதா என்பதைச் சோதிக்க அடங்கல் போதும். டெல்டாவில் நல்ல விளைச்சலில் ஏக்கருக்கு சுமார் இரண்டரை டன் என்று வைத்தால், இரண்டு ஏக்கர்க்காரர் 125 மூட்டை அளவுக்கு விற்கலாம். அவர் பெயரில் 400 மூட்டை இருந்தால் நேரில் போய்க் கேட்க வேண்டும். ஒரே வங்கிக் கணக்கு பல பெயர்களில் வருகிறதா, அந்த ஊரில் அறுவடை முடிந்த பிறகும் அந்த ஊர்ச் சிட்டாவில் நெல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குத்தகைக்காரர்களை மட்டும் கவனமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிலம் ஒருவர் பெயரிலும் சாகுபடி இன்னொருவர் கையிலும் இருப்பது இங்கே சாதாரணம். அதை மோசடி என்று எழுதிவிட்டால், அடுத்த பருவத்தில் அந்த ஏழை உழவர் வியாபாரியிடம்தான் போவார்.

நெல்லை ஏற்றிய வண்டியையும் விட்டுவிடக் கூடாது. லாரி என்று எழுதிய பதிவு எண்ணைப் போக்குவரத்துத் துறைப் பதிவோடு ஒப்பிட்டபோது, அது இருசக்கர வாகனமாகவோ ஆட்டோவாகவோ இருந்ததை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் வேறு மாநிலங்களில் வெளிக்கொண்டுவந்திருக்கின்றன.

யார் ஏற்பது?

இரண்டு ஏக்கர்க்காரரின் கணக்கோடு இதை முடித்துப் பார்ப்போம். 120 மூட்டை, அதாவது 48 குவிண்டால் விற்கிறார். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய், அதன் மேல் மாநில அரசின் ஊக்கத்தொகை 156 ரூபாய். அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை மொத்தம் 7,488 ரூபாய். மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகப் போனால் 120 கிலோ, அதன் விலை 3,054 ரூபாய். மூட்டைக்கு 40 ரூபாய் ரொக்கமும் தர நேர்ந்தால் 4,800. மொத்தம் 7,854 ரூபாய். மாநில அரசு கொடுத்த ஊக்கத்தொகை முழுவதும் தராசடியிலேயே கரைந்து, அதற்கு மேலும் 366 ரூபாய் அவருடைய கையிலிருந்து போகிறது. அரசு அறிவித்த விலை ஏட்டில் மட்டும் இருக்கிறது.

இதற்கு மருந்து பணியாளரைப் பிடித்து இடைநீக்கம் செய்வது மட்டுமல்ல. அது ஆண்டுதோறும் நடக்கிறது, கூடுதல் கிலோவும் ஆண்டுதோறும் போகிறது. வாங்கும் இடத்திலும் ஆலையிலும் ஒரே மாதிரி சரிபார்த்த ஈரமானியால் அளந்து, அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான உலர்வைக் கணக்கிட்டு, அவ்வளவு எடைக் குறைவைக் கழகமே தன் செலவாக ஏற்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தால் பணியாளரிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். மத்திய அரசு மாநிலத்துக்குத் தரும் செலவுக் கணக்கில் உலர்வு இழப்புக்கு என்று ஒரு வரி இருக்கும்போது, அந்த நிவாரணம் பட்டியல் எழுத்தரின் மேஜை வரை வராமல் நடுவழியில் நிற்பதற்கு நியாயமில்லை. நேர்மையான உலர்வுக் கணக்கு வந்த நாளிலிருந்து, கூடுதல் கிலோ எடுப்பவர் பயத்தால் எடுத்தேன் என்று சொல்ல முடியாது.

விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எடை போடும்போது தராசில் தெரியும் எண்ணைப் பாருங்கள். சாக்கோடு சேர்த்து 40 கிலோ 580 கிராமுக்கு மேல் ஏறினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். நெல்லைக் கொண்டுவந்த தேதியையும், ஈரமானி காட்டிய எண்ணையும், எடை போட்ட தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைக்கு வருபவரிடம் கழகத்தின் பதிவேடு இருக்கிறது. அதோடு ஒப்பிட அவருக்குத் தேவைப்படுவது உங்கள் கையிலிருக்கும் அந்தத் தாள்தான்.